'அனுப்பிட்டேன்.'

அன்புள்ள செல்வம்,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. புது வேலையில் வாடிக்கையாளர்கள் அனுப்புகிற ஒற்றை வரி மெசேஜ்களுக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று கேட்டிருந்தாய் இல்லையா, எங்களுக்கு வந்த ஒன்றையே சொல்கிறேன்.

ஒரு அம்மா மகனுடைய பரீட்சைக் கட்டணத்தை யுபிஐயில் கட்டியிருக்கிறார். பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை. திங்கட்கிழமை எழுதியதில் தொகை, நேரம், ஒரு எண், 'கொஞ்சம் பாருங்கள் சார்' எல்லாம் இருந்தது. செவ்வாய்க்கிழமை, 'இன்னும் வரவில்லை.' புதன்கிழமை எங்கள் ஆள் UTR எண் கேட்டதும், 'அனுப்பிட்டேன்.' அவ்வளவுதான்.

சின்ன மெசேஜ் என்றாலே கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. பஸ்ஸில் நின்றுகொண்டு 'ரசீது வரல' என்று முதல் தடவை எழுதுகிறவரிடம் நேராக எண்ணைக் கேட்டுவிடலாம்; அங்கே வருத்தம் தெரிவித்தால் அதுவே அவருக்கு இடைஞ்சல். ஆனால் விவரமாக எழுதியவர் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தால், 'இன்னும்', 'மறுபடியும்', 'ஏற்கெனவே' மாதிரி வார்த்தை எட்டிப்பார்த்தால், பழைய மெசேஜ்களை மேலிருந்து படித்துவிட்டு அப்புறம் பதில் எழுது.

இதில் சிக்கல் என்னவென்றால் கேள்வியும் அவசியம்தான். அவர் அனுப்பியது T என்று தொடங்குகிற ஆப்பின் சொந்த எண், வங்கியில் தேட 12 இலக்க UTR வேண்டும். அதனால் இப்படி எழுதினோம்: 'திங்கட்கிழமையே எண் அனுப்பிவிட்டீர்கள், அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் மறுபடி கேட்டது எங்கள் தவறு. அது ஆப்பின் எண். அதே பக்கத்தில் UTR என்ற இடத்தில் 12 இலக்க எண் இருக்கும், அதை மட்டும் அனுப்ப முடியுமா?' பத்து நிமிஷத்தில் எண் வந்தது, கூடவே 'நாளைக்குக் கடைசி நாள்' என்ற விஷயமும். அதை அவர் அதுவரை சொல்லவே இல்லை.

'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று எழுதியிருந்தால் அது வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். எது எரிச்சல் தந்ததோ அதையே சொல்ல வேண்டும், ஒரே வாக்கியத்தில், பிறகு ஒரே கேள்வி. 'சீக்கிரம் வந்துவிடும்' என்றும் எழுதாதே. கடைக்கோ நிறுவனத்துக்கோ கட்டிய பணம் இப்படி நடுவில் நின்றால் 5 நாளுக்குள் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019இல் விதி போட்டிருக்கிறது. அந்தத் தேதியைச் சொல்லிவிடு.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆறுதலும் வேண்டாம், கேள்வியும் வேண்டாம். 'நான் அனுப்பல, காசு போகுது' என்று வந்தால் முதல் வரியே 'உடனே வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள், சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்கள்' என்று இருக்கட்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

உனக்கு வந்ததில் புரியாதது இருந்தால் கடைசி வரியை மட்டும் அனுப்பாதே, பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு முதலிலிருந்து அனுப்பு.

அன்புடன்,
குமார்