'கறுப்பர்' என்று நம்மவரை அழைத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரித்தானியத் தொழிற்சங்கங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அங்கே இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கையர் எல்லோரையும் 'கறுப்பர்' என்று எழுதுவது வெள்ளையரின் அலட்சியம் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். லண்டன் மருத்துவமனை ஒன்றில் இருபது ஆண்டுகளாக வேலை பார்ப்பவன், சங்க உறுப்பினன் என்ற முறையில் இதைத் திருத்த வேண்டியிருக்கிறது. அது வெள்ளையர் சூட்டிய பெயர் அல்ல, நம்மவர்கள் தாங்களாகவே எடுத்துக்கொண்டது. அதற்காக வாதாடியவர்களில் முன்வரிசையில் நின்றவர் ஓர் ஈழத்தமிழர்.

அ. சிவானந்தன் 1958 கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டு லண்டன் வந்தவர். அவர் வந்து சேர்ந்த வேளையில் நாட்டிங் ஹில்லில் வெள்ளைக் கும்பல்கள் கரீபியக் குடியேறிகளைத் தாக்கிக்கொண்டிருந்தன. ஒரு கலவரத்திலிருந்து தப்பி இன்னொன்றின் நடுவில் இறங்கியவருக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இன உறவுகள் நிறுவனத்தில் நூலகராக இருந்து, 1970களில் அதன் இயக்குநரானார். கறுப்பு என்பது தோலின் நிறமல்ல, அரசியலின் நிறம் என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். வீடு வாடகைக்குத் தர மறுப்பவன் ஜமைக்காவா பஞ்சாபா என்று கேட்பதில்லை. அப்படியிருக்க, எதிர்த்து நிற்கும்போது நாம் மட்டும் ஏன் பிரிந்து நிற்க வேண்டும்?

இது வெறும் ஏட்டுப் பேச்சாக இருக்கவில்லை. 1979 ஏப்ரல் 23 அன்று, மேற்கு லண்டனில் பஞ்சாபியர் நிறைந்த சவுத்தாலின் நகர மண்டபத்தில் நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவெறிக் கட்சி கூட்டம் போட்டது. எதிர்த்துத் திரண்டவர்களைப் போலீஸ் அடித்தது. பிளேர் பீச் என்ற ஆசிரியர் தலையில் அடிபட்டு இறந்தார். அந்த ஆண்டே அங்கே ஆசியப் பெண்களும் ஆப்பிரிக்க-கரீபியப் பெண்களும் சேர்ந்து தொடங்கிய அமைப்புக்கு 'சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அதன் உதவியை நாடி வந்தவர்களில் பெரும்பாலோர் ஆசியப் பெண்கள். பெயரை அவர்கள் மாற்றவில்லை.

சிக்கல் தொடங்கியது, தெருவில் எழுந்த அந்தச் சொல் அலுவலகப் படிவத்துக்குள் நுழைந்தபோதுதான். வேலையில் எத்தனை 'கறுப்பர்' என்று கணக்கெடுத்தால் அதில் கரீபியர் எத்தனை, வங்கதேசத்தவர் எத்தனை என்பது மறைந்துவிடும். சமூகவியலாளர் தாரிக் மதூத் 1980களின் இறுதியில் இதைத்தான் எதிர்த்தார். ஆசியர்கள் அவமதிக்கப்படுவது நிறத்துக்காக மட்டுமல்ல; மதம், மொழி, பண்பாடு எல்லாமே காரணம். தம்மைக் கறுப்பராக நினைக்காத பெரும்பான்மை ஆசியர்மேல் அந்தப் பெயரைச் சுமத்தினால் அவர்களுக்கே உரிய குறைகள் யார் காதிலும் விழாது என்றார். 1988இல் இன சமத்துவ ஆணையம் ஆசியர்களைக் 'கறுப்பர்' தலைப்பின்கீழ்க் கொண்டுவரும் பரிந்துரையைக் கைவிட்டது. 1991 குடிமதிப்பில் இந்தியருக்கும் பாகிஸ்தானியருக்கும் வங்கதேசத்தவருக்கும் தனித்தனிக் கட்டங்கள் வந்தன.

எதிர்ப்பு ஆப்பிரிக்க வழியினரிடமிருந்தும் வந்தது. அது இன்னும் கூர்மையானது. 2016இல் கென்ட் பல்கலைக்கழக மாணவர் சங்கம் கறுப்பர் வரலாற்று மாதத்துக்கு, பாகிஸ்தானிய வழிவந்த லண்டன் மேயர் சாதிக் கானின் படத்தையும் பாடகர் ஜெய்ன் மாலிக்கின் படத்தையும் போட்டது. எங்களுக்கென்று இருப்பது ஒரு மாதம், அதிலும் இடமில்லையா என்று ஆப்பிரிக்க வழியினர் கொதித்தார்கள். சங்கம் மன்னிப்புக் கேட்டது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கூட்டத்தில் 'நாம் கறுப்பர்' என்று கைதட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ஆப்பிரிக்கரைக் 'காப்பிலி' என்று சொல்லும் தமிழ்க் குடும்பங்களில் நானும் சாப்பிட்டிருக்கிறேன். எங்கள் வீடும் விலக்கல்ல.

தென்னாப்பிரிக்காவில் இது சட்டமாகவே இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில் 'கறுப்பர்' என்றால் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரும். 2008இல் பிரிட்டோரியா நீதிமன்றம் சீன வழிவந்த தென்னாப்பிரிக்கரையும் அதில் சேர்த்தது. அங்கே சச்சரவு பெயரைப் பற்றியதல்ல, சலுகையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பற்றியது. அது தனிக் கதை.

என் சங்கத்தின் படிவத்தில் 'கறுப்பர்' என்ற கட்டம் இன்னும் இருக்கிறது. நானும் குறியிடுகிறேன். ஒருமுறை கறுப்பு உறுப்பினர் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, ஜமைக்கா வழிவந்த தாதி ஒருவர் சொன்னார்: "சம்பளத்துக்கும் பதவி உயர்வுக்கும் நீயும் நானும் கறுப்பர்தான். ஆனால் என் மகனைப் போலீஸ் தெருவில் நிறுத்திச் சோதிக்கும் கணக்கில் உன் மகனைச் சேர்க்காதே." எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவரும் வந்தார், நானும் போனேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
லண்டன்