ஆள் வராததற்குப் பிள்ளைகளா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் ஒரு முதலாளி சொன்னதாக, ‘யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு வேலை செய்ய விருப்பமில்லை, விளம்பரம் போட்டாலும் ஆள் வருவதில்லை’ என்று போட்டிருந்தீர்கள். அதை வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அதே இதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தை அவர் ஒருமுறை பார்க்கட்டும். ‘முன்னணி நிறுவனத்துக்குக் கணக்கு உதவியாளர் தேவை, பெண்கள், வயது 18–25, கவர்ச்சிகரமான சம்பளம்’, பிறகு ஒரு தொலைபேசி இலக்கம். கடையின் பெயரும் இல்லை, எந்த ஊர் என்றும் இல்லை.

இப்படி ஒன்றை நம்பித்தான் என் பெறாமகள் கொடிகாமத்திலிருந்து போனாள். கணக்கு வேலை என்று போனவளைக் காசு வாங்கும் மேசையில் இருக்கச் சொன்னார்கள், கடை பூட்ட இரவு எட்டரை ஆகுமாம், அதற்குப் பிறகு அவள் எந்த பஸ்ஸில் வீடு போவது? சம்பளத்தைக் கேட்டதற்கு ‘வேலையைப் பார்த்துத் தருவோம்’ என்றார்கள். சேர்ந்தால் மூலச் சான்றிதழ்களைத் தங்களிடம் ஒப்படைக்க வேண்டுமாம்! இது எத்தனை காலமாக நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும்.

நான் பல வருடம் சுன்னாகத்தில் ஒரு வன்பொருள் கடைக்கு ஆள் எடுத்தவன். அங்கும் முதலில் இதே பாணியில்தான் போட்டார்கள். விண்ணப்பம் குவியும், சேருகிறவர்கள் ஒரு மாதத்தில் நின்றுவிடுவார்கள். நின்றுபோனவர்களிடம் காரணம் கேட்டு விளம்பரத்தைத் திருப்பி எழுதினோம். கடையின் பெயர், ஊர். காலை 8.30 முதல் மாலை 5.30 வரை, ஞாயிறு லீவு. சம்பளம் இத்தனை ரூபாய் முதல் இத்தனை வரை, முதல் நாளிலிருந்தே சேமலாப நிதிக்கு முதலாளியின் 12 வீதம். உயர்தரத்தில் கணக்கீடு படித்திருக்க வேண்டும், கணினி மென்பொருள் நாங்கள் பழக்குவோம். வயதெல்லையை எடுத்துவிட்டோம். மாத முடிவில் சரக்கு எண்ண இரண்டு நாள் பிந்தி நிற்க வேண்டிவரும், அதற்கு ஒன்றரை மடங்கு ஓவர் டைம் என்பதையும் மறைக்காமல் எழுதினோம். முதலாளிக்கு அந்த வரி பிடிக்கவே இல்லை, ஆட்கள் பயந்துவிடுவார்கள் என்றார். விண்ணப்பம் குறைந்தது உண்மைதான், ஆனால் வந்தவர்கள் எல்லாம் தெரிந்துகொண்டு வந்தவர்கள். அதில் எடுத்த பிள்ளை இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறாள்.

‘முன்னணி’ என்று போட்டால் பெயர் வரும் என்று நினைக்கிறார்கள். ஏமாந்து திரும்பும் ஒவ்வொரு பிள்ளையும் போய்ச் சொல்வது அந்தக் கடையின் பெயரைத்தான், ஊருக்குள் அது எவ்வளவு கெதியாகப் பரவும் என்று முதலாளிமாருக்குத் தெரியாதா?

நீங்கள் சொல்லுக்குக் கணக்குப் பார்த்துக் காசு வாங்குவதால், அவர்கள் முதலில் வெட்டுவதும் சம்பளத்தையும் நேரத்தையும் இடத்தையும்தான். தயவுசெய்து அந்த மூன்று விபரத்துக்கும் கட்டணம் எடுக்காமல் விடுங்கள்.

இப்படிக்கு,
சுன்னாகம் வாசகர்