முழு நிமிடம் எண்ணுங்கள்

ஐயா,

குழந்தைகளின் நிமோனியா குறித்த தங்கள் தலையங்கம், ஆன்டிபயாட்டிக் மருந்து தாமதமின்றிக் கிடைக்க வேண்டும் என்று சரியாகவே வலியுறுத்தியது. ஆனால் அந்த மருந்து தேவையா என்ற முடிவு மூச்சை எண்ணும் முறையைத்தான் பெரிதும் சார்ந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரான நான், இருமலோடு வந்து அழுதுகொண்டிருந்த பத்து மாதக் குழந்தைக்கு 15 நொடி எண்ணி, நான்கால் பெருக்கி, 56 என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். பால் குடித்து அமைதியான பிறகு, சட்டையை உயர்த்தி முழு 60 நொடியும் எண்ணியபோது 42தான் இருந்தது. மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கவும் இல்லை. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம், அதன்பின் ஐந்து வயது வரை 40-ம் எட்டினால்தான் நிமோனியாவைக் குறிக்கும் வேகமூச்சு என்பதால், அக்குழந்தைக்கு அமாக்சிசிலின் தேவைப்படவில்லை.

எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், பால் குடிக்க இயலாமை, வலிப்பு, மயக்கம் போன்ற அபாய அறிகுறி தெரிந்தால் முதல் வேளை மருந்தைக் கொடுத்து உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். எனவே, எண்ணும்போது குழந்தை அமைதியாக இருந்ததா, முழு நிமிடம் எண்ணப்பட்டதா என்பதைக் குறிக்க நோயாளர் பதிவேட்டில் தனிக் கட்டம் சேர்க்கலாம்.