முதல் அட்டவணையை முழுதாகத் தாருங்கள்: ஆய்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதியில் உயர் இரத்த அழுத்த ஆய்வை நடத்திய குழுவினருக்கும், அதன் முடிவை வைத்து நடமாடும் கிளினிக்கை நிறுத்த யோசிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். சனசமூக நிலையத்தில் நடந்த கூட்டத்தில் நீங்கள் கொடுத்த அறிக்கையை ஊரில் பலர் வாங்கிப் படத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டார்கள். நான் இங்கே பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். அதற்கு முன் ஒரு மருத்துவ ஆய்வுக் குழுவில் தரவு சரிபார்க்கும் வேலை செய்தவன். ஆகவே இப்படி எது கையில் கிடைத்தாலும் முடிவுக்குப் போகமாட்டேன், முதல் அட்டவணைக்குத்தான் போவேன். ஆய்வு தொடங்கிய நாளில் இரண்டு குழுவிலும் இருந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று சொல்லும் அந்த ஒரு பக்கம் சரியாக இல்லாவிட்டால், பிறகு வரும் படங்களுக்கு அர்த்தமில்லை.

ஆய்வைப் பற்றி உங்களுக்கே நான் விளக்கத் தேவையில்லை. 60 பேரை எழுமாற்றாக, அதாவது சீட்டுக் குலுக்கியதுபோல, இரண்டாகப் பிரித்ததாகச் சொல்கிறீர்கள். 30 பேரின் வீட்டுக்குத் தொண்டர் வந்து பார்த்தார், மற்ற 30 பேர் வழமைபோல கிளினிக் போனார்கள். ஆறு மாத முடிவில் வீட்டுக்குப் போன குழுவில் மேல் பிறஷர் 14 குறைந்தது, மற்றதில் 8தான் குறைந்தது, ஆகவே வீட்டு வருகை வென்றது என்று எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது முதல் அட்டவணை. வயது, பாலினம், நீரிழிவு எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அவற்றில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் தொடக்க நாள் மேல் பிறஷரின் சராசரி வருகைக் குழுவில் 158, மற்றதில் 150. நியம விலகல் இரண்டிலும் 18. பக்கத்தில் பி பெறுமானம் 0.09. அட்டவணையின் கீழே ஒரு வரி: "0.05ஐ விடக் கூட என்பதால் குழுக்கள் சமநிலையில் உள்ளன."

ஐயா, அம்மா, இந்த வரியோடுதான் எனக்குப் பிணக்கு. பி பெறுமானம் கேட்பது, இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கலாமா என்று. சீட்டு நேர்மையாகக் குலுக்கப்பட்டிருந்தால் வித்தியாசம் எதுவாக இருந்தாலும் தற்செயல்தான்; அது நமக்கு ஏற்கெனவே தெரிந்த விடயம். 0.09 சொல்வது இவ்வளவுதான்: நேர்மையான குலுக்கலிலும் இந்த அளவோ இதை விடக் கூடவோ வித்தியாசம் நூற்றுக்கு ஒன்பது தடவை வரும். அந்த வித்தியாசம் முடிவைக் கெடுக்குமா என்று அது சொல்லாது. குழுவுக்கு 30 பேர்தான் இருக்கும்போது 9 வித்தியாசம் இருந்திருந்தாலும் உங்கள் 0.05 கோட்டைத் தாண்டியிராது. அதற்கும் "சமநிலை" முத்திரை குத்தியிருப்பீர்கள். மாறாகப் பல்லாயிரம் பேர் கொண்ட ஆய்வில் ஒன்றுக்கும் உதவாத சின்ன வித்தியாசம்கூட அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடும். இதனால்தான் ஆய்வு அறிக்கைகளுக்கான கொன்சோர்ட் வழிகாட்டியின் 2010 பதிப்பு, தொடக்க நிலை வித்தியாசங்களுக்கு இந்தச் சோதனையைச் செய்யவேண்டாம் என்றே சொல்கிறது.

அதே அட்டவணையில் "வீட்டில் உள்ளோர் எண்ணிக்கை" என்ற வரிக்கு 0.03 வந்துவிட்டது. அதற்காக ஒரு முழுப் பந்தி எழுதி, கணக்கிலும் அதைச் சேர்த்திருக்கிறீர்கள். இருபது வரி உள்ள அட்டவணையில் ஒன்றாவது 0.05க்குக் கீழே விழுவது எதிர்பார்க்க வேண்டியதே. வீட்டில் நாலு பேரா ஐந்து பேரா என்பது பிறஷரை எவ்வளவு மாற்றும் என்று எனக்குத் தெரியவில்லை. தொடக்கப் பிறஷர் ஆறு மாதத்துக்குப் பிந்திய பிறஷரை மாற்றும் என்பது கிளினிக் வாங்கிலில் இருக்கும் எவருக்கும் தெரியும். பார்க்க வேண்டியது இரண்டு: வித்தியாசம் எவ்வளவு, அந்த விடயம் முடிவோடு எவ்வளவு நெருக்கமானது. நீங்கள் சின்ன வரிக்குப் பந்தி எழுதிவிட்டுப் பெரிய வரியைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

அந்த 8 என்ன செய்யும் என்று உங்கள் எண்களிலேயே பாருங்கள். 158இலிருந்து 14 குறைந்தால் 144. 150இலிருந்து 8 குறைந்தால் 142. அதாவது ஆறு மாதத்தின் பின் வீட்டுக்குத் தொண்டர் போனவர்களின் பிறஷர் மற்றவர்களை விட 2 கூட! குறைவை ஒப்பிட்டால் வருகை 6ஆல் வெல்கிறது. கடைசி அளவை ஒப்பிட்டால் 2ஆல் தோற்கிறது. முதல் நாள் அதிகமாக இருந்த அளவு, ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை அளக்கும்போது சராசரிப் பக்கம் கொஞ்சம் இறங்கும். ஆகவே மேலே இருந்து தொடங்கியவர்களுக்குக் கூடக் குறைவதில் வியப்பில்லை. நடுவே ஒரு நியாயமான வழி இருக்கிறது: தொடக்க அளவைக் கணக்கில் சேர்த்துக் கடைசி அளவை ஒப்பிடுவது. தரவு உங்களிடம்தான் இருக்கிறது, ஆகவே நான் ஒரு ஊகத்தோடு செய்கிறேன். தொடக்க வித்தியாசத்தில் பாதி கடைசி வரை தங்கும் என்று வைப்போம். வருகை எதுவும் செய்யாவிட்டால் அந்தக் குழு 4 கூட இருக்கவேண்டும். 2தான் கூட இருக்கிறது. எனவே வருகையின் பலன் 2. இத்தனை சின்னக் குழுக்களில் அந்த 2, இருபக்கமும் சுமார் 8 வரை ஆடக்கூடிய 2. இதை வைத்துக்கொண்டு ஒரு கிளினிக்கை மூட முடியுமா?

கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். அந்த 158 எங்கிருந்து வந்தது என்று உங்கள் அட்டவணை சொல்லவில்லை.

நீங்கள் ஆட்களைச் சேர்த்தது மாரி காலம். முத்தையன்கட்டுப் பக்கம் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் உள்வீதிகளில் பஸ் வராது, நடமாடும் கிளினிக் வானும் வராது. கிளினிக்கில் தருவது ஒரு மாதக் குளிசை. எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா, கணவர் இல்லை, பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் வேலை. அந்த மாதம் அவர் குளிசையைக் கத்தியால் பாதியாக வெட்டி, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டார். கடைசிப் பாதிகளை மருந்து உறையிலேயே சுற்றி, சாமிப்படத்துக்குக் கீழே வைத்திருந்தார். தலைச்சுற்று வந்தால் போட. அந்த நாட்களில்தான் உங்கள் ஆட்கள் அவரின் பிறஷரை அளந்தார்கள். படிவத்தில் "பிறஷர் குளிசை எடுக்கிறாரா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று குறித்திருப்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை, எடுக்கத்தானே செய்தார்.

உங்கள் அட்டவணையில் அந்த வரி 27, 26 என்று மிக அழகாகச் சமமாக நிற்கிறது. ஆனால் முப்பது நாளும் முழுக் குளிசை போட்டவரும், பாதியை வெட்டி நாட்களைக் கடத்தியவரும் அங்கே ஒரே ஆள்தான். உள்வீதிக்காரர் ஒரு குழுவில் கொஞ்சம் கூட இருந்திருந்தால் அந்தக் குழு உயர்ந்த பிறஷரோடு தொடங்கியிருக்கும். தண்ணீர் வற்றி, வான் மறுபடி வந்து, குளிசை கிடைத்ததும் பிறஷர் தானாக இறங்கியிருக்கும். அப்படியானால் இறக்கியது தொண்டரின் வருகையல்ல, நீங்கள் நிறுத்தப் போகிற அதே நடமாடும் கிளினிக்தான். சமநிலையாகத் தெரிகிற ஒரு வரியை நம்ப முன், அது உள்ளதை அளக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடந்த முப்பது நாளில் எத்தனை நாள் கையில் குளிசை இருந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்; கிளினிக் கொப்பியில் திகதிகள் இருக்கின்றன, இப்போதும் எடுக்கலாம்.

அப்புறம் சீட்டு விடயம். அறிக்கையில் "எழுமாற்றாகப் பிரிக்கப்பட்டனர்" என்ற இரண்டு சொற்கள் மட்டும். யார் பிரித்தார், சீட்டு இருந்த உறையை யார் திறந்தார், திறக்க முன் அடுத்தவர் எந்தக் குழுவுக்குப் போவார் என்று தெரியுமா, ஒன்றும் இல்லை. பிறஷர் கூடிய சிலரை "பாவம், இவைக்கு வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும்" என்று வருகைப் பட்டியலில் சேர்த்ததாக ஊரில் கதை. உண்மையா என்று எனக்குத் தெரியாது, யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை. அட்டவணையைப் பார்த்து மட்டும் சொல்லவும் முடியாது. 8 வித்தியாசம் தற்செயலாலும் வரும், இரக்கத்தாலும் வரும். ஆனால் இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. தற்செயல் என்றால் மேலே சொன்ன கணக்குச் சரிசெய்யும். இரக்கம் என்றால் எந்தக் கணக்கும் முழுதாகச் சரிசெய்யாது, அளக்காத விடயங்களும் கூடவே சாய்ந்திருக்கும்.

இது வன்னியில் மட்டும் நடக்கிற கூத்து என்று நினைக்கவேண்டாம். ஸ்பெயினின் பிறெடிமெட் ஆய்வு 7,447 பேரோடு நடந்தது. இதயநோயைத் தடுக்குமா என்று ஒலிவ் எண்ணெயும் கொட்டைகளும் கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் அதை வெளியிட்டது. 2017இல் ஜோன் கார்லைல் என்ற பிரித்தானிய மயக்க மருந்து வைத்தியர், ஆயிரக்கணக்கான ஆய்வுகளின் முதல் அட்டவணைகளைச் சோதித்தபோது இதிலும் எண்கள் இயல்பாக இல்லை என்று கண்டார். தோண்டிப் பார்த்தால், ஒரு நிலையத்தில் ஆள் ஆளாகப் பிரிக்காமல் கிளினிக் கிளினிக்காகப் பிரித்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்கு எண்ணெய், எங்களுக்கு இல்லையா என்று கிராமத்தவர் முறைப்பட்டதுதான் காரணமாம். ஆய்வாளர்கள் 2018இல் கட்டுரையைத் தாங்களே மீளப்பெற்று, திருத்திய கணக்கோடு மறுபடி வெளியிட்டார்கள். அவர்களுக்கு இல்லாத மானம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்க நா வருகிறது, ஆனால் மரியாதைக்காக விடுகிறேன்.

எங்களுக்குப் பழக்கமான விடயம் இது. யாரோ வருவார்கள், படிவம் நிரப்புவார்கள், பிஸ்கற் தருவார்கள், போட்டோ எடுப்பார்கள். பிறகு ஒரு கூட்டத்தில் திரை கட்டி எங்களைப் பற்றி எங்களுக்கே சொல்வார்கள். இந்த முறை அதோடு ஒரு வானையும் எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறீர்கள்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். தயவு செய்து முதல் அட்டவணையை முழுதாகத் தாருங்கள். பி பெறுமான நிரல் வேண்டாம். கையில் குளிசை இருந்த நாட்களையும், கிளினிக்குக்கு உள்ள தூரத்தையும் சேருங்கள். ஒவ்வொரு வரியிலும் எத்தனை பேரின் தகவல் இருக்கிறது என்று எழுதுங்கள். சீட்டு எப்படிக் குலுக்கப்பட்டது என்று ஒரு பந்தி. தொடக்கப் பிறஷரைச் சேர்த்த கணக்கு, அதன் ஆட்ட எல்லையோடு. ஆய்வு தொடங்க முன் எழுதிய திட்டத்தில் எதைச் சேர்ப்பதாக இருந்தது என்பதையும் காட்டுங்கள். பார்த்தபின் தெரிந்தெடுத்ததா என்ற சந்தேகம் அதில்தான் தீரும்.

அதுவரை நடமாடும் கிளினிக்கை நிறுத்தவேண்டாம். வீட்டு வருகை கெட்டது என்று நான் சொல்லவில்லை. தொண்டர் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், அவர்கள் வருவது வயதானவர்களுக்கு ஆறுதல். இரண்டும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

அட்டவணையைச் சனசமூக நிலைய முகவரிக்கு அனுப்பினால் போதும். கணக்குப் பார்க்க ஆள் வேண்டுமென்றால், பாடசாலை விட்ட பிறகு நான் வருகிறேன். உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் இரண்டு பேர் வரத் தயார். அடுத்த மாரிக்கு முன் அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் பக்கத்துக் கணித ஆசிரியர்