அடிக்குறிப்புகளை அனுப்பும் முன்

நண்பர்களே, மலருக்கு வந்த கட்டுரைகளில் அடிக்குறிப்பும் நூற்பட்டியலும் ஒத்துப்போகவில்லை. எல்லோரும் சிகாகோ முறையின் அடிக்குறிப்பு வடிவத்தையே பின்பற்றுங்கள்.

ஒரு கட்டுரையில் நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு உடற்பகுதியில் 1935 என்றும் பட்டியலில் 1955 என்றும் இருந்தது. இரண்டும் சரியான ஆண்டுகள்தான். முதல் பதிப்பின் முதல் தொகுதி 1935, திருத்திய பதிப்பு 1955. ஆனால் பக்க எண்கள் வேறு. எந்தப் பிரதியைக் கையில் வைத்துப் படித்தீர்களோ, அந்த ஆண்டையே எல்லா இடத்திலும் போடுங்கள்.

பெயரும் அப்படித்தான். அடிக்குறிப்பில் ‘கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி’, பட்டியலில் ‘நீலகண்ட சாஸ்திரி, கே. ஏ.’ என வரும். பட்டியலில் இவர் ‘நீ’யில் இருக்க வேண்டும், சிலர் ‘கே’யில் வைத்திருக்கிறீர்கள்.

அப்புறம் இந்த ‘மேலது’. நடுவில் புதுக் குறிப்பு ஒன்றைச் செருகினால் அது வேறு நூலைச் சுட்டிவிடும். அதற்குப் பதில் ஆசிரியர் பெயர், சுருக்கத் தலைப்பு, பக்க எண் எழுதுங்கள்.

பட்டியலை அச்செடுத்து, அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போடுங்கள். டிக் விழாத நூலைக் கட்டுரையில் எங்குமே சுட்டவில்லை என்று அர்த்தம், எடுத்துவிடலாம். டிக் போட இடமில்லாத குறிப்பு என்றால் பட்டியலில் நூல் விடுபட்டிருக்கிறது.