ஆறு வாக்கியங்களை வெட்டியதும் ஏறிய வீதம்

ஆய்வறிக்கை மதிப்பீட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். இறுதியாண்டு மாணவர்களின் ஆங்கில அறிக்கைகள் ஏஐ டிடெக்டரில் 20 வீதமோ அதற்கு மேலோ காட்டினால் அவற்றை விசாரணைக்கு அனுப்புவது என்று முடிவு எடுத்திருக்கிறீர்கள். விசாரணை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த 20 எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு விதியைத் திருத்துங்கள் என்றுதான் கேட்கிறேன். மொழி மாதிரிகளோடு தினமும் வேலை செய்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

உங்களிடம் வரக்கூடிய ஓர் அறிக்கையையே எடுத்துக்கொள்வோம். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று எவ்வளவு இருக்கிறது என்பது பற்றியது. அதில் கருவி கணக்கில் எடுக்கும் பகுதி 40 வாக்கியங்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம் என்று வையுங்கள். (எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் இட்டவை.) அவற்றில் 7 வாக்கியங்களைக் கருவி ஏஐ என்று குறிக்கிறது. 40இல் 7 என்றால் 17.5 வீதம். பிள்ளை தப்பிவிட்டாள்.

அப்புறம் மேற்பார்வையாளர் அறிக்கையை வாசித்துவிட்டு, "உரும்பிராயில் அந்த ஐயா சொன்ன கதையெல்லாம் எதற்கு? வெட்டுங்கோ" என்கிறார். தோட்டக்காரர் எப்போது யூரியா போடுவார், மாரி மழைக்குப் பிறகு தண்ணீர் எப்படி மாறும் என்று அவள் சுயமாக எழுதிய 6 வாக்கியங்கள் போகின்றன. குறிக்கப்பட்ட 7 வாக்கியங்களில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் இப்போது 34இல் 7, அதாவது 20.6 வீதம். விசாரணை! புதிதாக எதையும் எழுதாமல், தான் எழுதியதை வெட்டியதாலேயே அவள் மாட்டிக்கொண்டாள்.

இது வெறும் வகுத்தல் கணக்கு. இதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று இருக்கிறது.

இந்தக் கருவிகள் வாக்கியத்தைத் தனியாகப் பிடுங்கிப் பார்ப்பதில்லை. இப்படியான கருவி ஒன்றைத் தரும் டேர்னிட்டின் நிறுவனம் தன் முறையை 2023இல் வெளிப்படையாக விளக்கியது. ஆவணத்தைச் சில நூறு சொற்கள் கொண்ட துண்டுகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு வாக்கியமும் தன் அயலோடு சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும் என்பதற்காக அந்தத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும். ஒவ்வொரு துண்டிலும் வாக்கியத்துக்கு 0 முதல் 1 வரை ஒரு புள்ளி கிடைக்கும், பிறகு அவற்றின் சராசரி எடுக்கப்படும். ஆகவே ஒரு வாக்கியத்தின் புள்ளியில் அதன் அயலவருக்கும் பங்கு உண்டு.

அறிக்கையில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும்: குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். இதை யார் எழுதினாலும் ஒரே மாதிரித்தான் எழுதுவார்கள். அடுத்து வரப்போகும் சொல்லை மொழி மாதிரி எளிதில் ஊகித்துவிடும், ஆகவே கருவிக்குச் சந்தேகம் வரும். ஆனால் பக்கத்தில் உரும்பிராய்த் தோட்டக்காரர் இருக்கும்வரை மூன்று துண்டுகளில் அந்த வாக்கியத்துக்கு 0.35, 0.45, 0.55 கிடைக்கிறது என்று வையுங்கள். சராசரி 0.45. வெட்டும் கோடு 0.5 என்றால் மனிதர் எழுதியது. தோட்டக்காரரை நீக்கியதும் அந்த இடத்துக்கு மாதிரி எடுத்த முறை, போத்தல் கழுவிய முறை என்ற வாய்ப்பாட்டு வாக்கியங்கள் நெருங்கி வருகின்றன. புள்ளிகள் 0.45, 0.55, 0.65 ஆகின்றன. சராசரி 0.55. அதே வாக்கியம் இப்போது ஏஐ. பூவோடு சேர்ந்த நார் மணக்கும் என்பது இங்கே தலைகீழாகவும் வேலை செய்கிறது. இப்படி இரண்டு வாக்கியங்கள் கோட்டைத் தாண்டினால் 34இல் 9, அதாவது 26.5 வீதம்.

அயலின் பாதிப்பு என் கற்பனையில்லை. தவறாகக் குறிக்கப்பட்ட வாக்கியங்களில் 54 வீதமானவை உண்மையில் ஏஐ எழுதிய வாக்கியத்துக்குப் பக்கத்திலேயே இருந்தன என்று அதே நிறுவனம் சொன்னது. ஆவணத்தின் முதல் சில வாக்கியங்களிலும் கடைசிச் சில வாக்கியங்களிலும் பிழை கூடுதலாக வருவதையும் ஒப்புக்கொண்டது. முன்னுரையும் முடிவுரையும் எல்லோரும் ஒரே பாணியில் எழுதும் இடங்கள்தானே. 20 வீதத்துக்குக் கீழ் வரும் முடிவுக்கு எண்ணைக் காட்டாமல் நட்சத்திரக் குறி போடும் வழக்கமும் இதனால்தான் வந்தது: அந்தப் பகுதியில் பிழை அதிகம். நீங்கள் குற்றக் கோட்டைக் கீறியிருப்பது அந்தத் தளம்பும் பகுதியின் ஓரத்திலேயே.

சேர்த்தாலும் இதே கதைதான். பட்டியல்களும் அட்டவணைகளும் பொதுவாகக் கணக்கில் வராது. கிணறுகளின் பட்டியலைப் பத்தியாக மாற்றி எழுதினால் அது திடீரென்று கணக்குக்குள் வந்துவிடும். உண்மையாகவே ஏஐயிடம் எழுதி வாங்கிய ஒருவன், நடுநடுவே சில கோணலான சொந்த வாக்கியங்களைச் செருகி வீதத்தைக் கீழே இறக்கவும் முடியும். இதெல்லாம் மாணவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆக உங்கள் விதியில் மாட்டுவது மேற்பார்வையாளர் சொற்கேட்டு வெட்டிய பிள்ளை, தப்புவது கருவியை விளங்கிக்கொண்டவன்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 300 வாக்கியங்கள் உள்ள அறிக்கையில் 90 வீதம் காட்டினால், ஆறு வாக்கியத்தைக் கூட்டிக் குறைத்து அதை 20க்குக் கீழே கொண்டுவர முடியாது. அந்த எண்ணும் தனியே தீர்ப்பு ஆகாது, ஆனால் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்கப் போதுமான காரணம். தளம்பல் கொடியதாக இருப்பது குறுகிய ஒப்படைகளிலும் கோட்டுக்கு அண்மையில் நிற்கும் எண்களிலும்தான். உங்கள் ஒப்படைகளில் அநேகமானவை குறுகியவை.

ஆகவே என் வேண்டுகோள் இது. கோட்டைத் தாண்டிய அறிக்கை எதுவானாலும் அதே கோப்பை இன்னும் சில வடிவங்களில் ஓட்டிப் பாருங்கள்: முதல் பத்தி இல்லாமல், கடைசிப் பத்தி இல்லாமல், நடுவில் ஐந்தாறு வாக்கியங்கள் இல்லாமல். வீதம் கோட்டுக்கு இரண்டு பக்கமும் தாவினால் அந்த எண்ணைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். தாவாமல் நின்றாலும் அது குற்றத்தை நிரூபிக்காது, அளவீடு உறுதியாக இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அதற்குப் பிறகு பிள்ளையிடம் பழைய வரைவுகளையும் களக் குறிப்புக் கொப்பியையும் கேளுங்கள், எந்தக் கிணற்றில் எப்போது மாதிரி எடுத்தாள் என்று நேரில் விசாரியுங்கள். கருவியின் எந்தப் பதிப்பு, எந்தத் திகதியில் ஓட்டப்பட்டது என்பதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள். மேற்பார்வையாளர் திருத்துவதற்கு முந்திய அறிக்கை இருந்தால் அதையும் ஓட்டி, இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூட்டத்தைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
கோண்டாவிலிலிருந்து ஒரு மென்பொருள் பொறியியலாளர்