செலவழித்த மானியத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள்: மானியம் வழங்கும் அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மானியப் பிரிவின் பொறுப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கைப் பார்வையிட்ட தங்கள் ஆய்வுக் குழு, இருப்புநிலைக் குறிப்பில் ‘ஒத்திவைக்கப்பட்ட வருமானம் – அரசு மானியம்’ என்ற வரியில் இருந்த 11.4 இலட்சத்தைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் ‘செலவழிக்கப்படாத மானியம்’ என்று எழுதியிருந்தது. அதைத் தொடர்ந்து, அந்தத் தொகையை 30 நாட்களுக்குள் திருப்பிச் செலுத்த வேண்டும் என்றும், அதுவரை இரண்டாம் கட்ட மானியம் நிறுத்தி வைக்கப்படும் என்றும் தங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். நேரில் வந்தும் எழுத்து மூலமும் விளக்கிய பிறகும் அதே பதில் கிடைத்ததால்தான், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களும் படிக்கும்படி திறந்த மடலாக எழுதுகிறேன்.

வார்ப்பு இயந்திரம் வாங்கத் தாங்கள் தந்தது 12 இலட்சம். இயந்திரத்தின் விலை 20 இலட்சம். மீதி 8 இலட்சத்தை நிறுவனம் தன் கையிலிருந்து போட்டது. விற்பனையாளரின் விலைப்பட்டியல் வந்த வாரத்திலேயே 20 இலட்சமும் வங்கிக் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டது. அதற்கான வங்கி அறிக்கை, விலைப்பட்டியல், இயந்திரத்தின் வரிசை எண் பதிந்த சொத்துப் பதிவேட்டின் பக்கம், தணிக்கையாளர் கையொப்பமிட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் ஆகிய நான்கும் தங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. பயன்பாட்டுச் சான்றிதழில் ‘எஞ்சிய தொகை’ என்ற இடத்தில் சுழியம் என்று எழுதியிருக்கிறது. அந்தச் சான்றிதழை ஏற்றுக்கொண்டதாகத் தங்கள் அலுவலகமே முத்திரையிட்டுத் தந்திருக்கிறது. அப்படியிருக்க, அதே பணத்தில் 11.4 இலட்சம் செலவாகவில்லை என்று அதே அலுவலகம் எப்படிச் சொல்கிறது?

அந்த 11.4 இலட்சம் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். இயந்திரம் 10 ஆண்டுகள் உழைக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறோம்; அதன் முடிவில் விற்று வரக்கூடிய தொகை ஏதும் இல்லை என்று கொண்டிருக்கிறோம். எனவே ஆண்டுக்கு 2 இலட்சம் தேய்மானம். இயந்திரம் கணக்காண்டின் ஏழாம் மாதத் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்ததால், முதலாண்டில் அரையாண்டுத் தேய்மானமாக 1 இலட்சம் மட்டும் எழுதினோம். விலையில் 60 விழுக்காடு தங்கள் மானியம் என்பதால், அந்தத் தேய்மானத்தில் 60 விழுக்காட்டை, அதாவது 60 ஆயிரத்தை, மானிய வருமானமாக இலாப நட்டக் கணக்குக்குக் கொண்டுவந்தோம். மீதி 11.4 இலட்சம், இனி வரும் ஒன்பதரை ஆண்டுகளின் தேய்மானத்துக்கு எதிராகச் சிறிது சிறிதாக வருமானமாக மாறக் காத்திருக்கிறது. அதில் அடுத்த ஆண்டுக்குரிய 1.2 இலட்சத்தை நடப்புப் பொறுப்பிலும், எஞ்சிய 10.2 இலட்சத்தை நீண்டகாலப் பொறுப்பிலும் காட்டினோம். இந்த வரியில் இருப்பது ரொக்கம் அல்ல. ரொக்கம் இரும்பாகவும் மோட்டாராகவும் மாறித் தொழிற்கூடத்தில் நின்று ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த முறை எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. அரசு மானியங்களுக்கான பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 20, 1983இல் வெளியிடப்பட்டு 1984 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிபந்தனைகளை நிறைவேற்றுவோம், மானியம் கைக்கு வரும் என்ற நியாயமான உறுதி இருந்தால், எந்தச் செலவை ஈடுகட்ட மானியம் தரப்பட்டதோ அந்தச் செலவு கணக்கில் ஏறும் காலங்களிலேயே மானியமும் வருமானமாக ஏற வேண்டும் என்பது அதன் அடிப்படை. இயந்திரத்தைப் பொறுத்தவரை அந்தச் செலவு தேய்மானம்தான். அத்தரநிலையைப் பின்பற்றிக் கணக்கு எழுத வேண்டும் என்று தங்கள் மானிய ஒப்பந்தமே சொல்கிறது. ஒப்பந்தத்தில் கேட்ட முறையிலேயே எழுதிய கணக்கை வைத்தே எங்கள் மீது குற்றம் காண்பது நியாயமில்லை என்பதைத் தாழ்மையுடன், ஆனால் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த இருப்பு சரியானதுதானா என்று ஆய்வுக் குழு சோதித்துப் பார்க்க விரும்பினால் அதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒத்திவைத்த இருப்பை இயந்திரத்தின் ஏட்டு மதிப்பால் வகுத்துப் பார்த்தால் போதும். முதலாண்டு முடிவில் ஏட்டு மதிப்பு 19 இலட்சம், ஒத்திவைத்த இருப்பு 11.4 இலட்சம்: 60 விழுக்காடு. இரண்டாம் ஆண்டு முடிவில் 17 இலட்சமும் 10.2 இலட்சமும் இருக்கும்: அப்போதும் 60 விழுக்காடுதான். இரண்டும் ஒரே வேகத்தில் தேய்ந்து பத்தாண்டு முடிவில் ஒன்றாகச் சுழியத்தைத் தொடும். இந்த விகிதம் ஓர் ஆண்டில் பிசகினால், தேய்மானத்தை ஒரு காலக் கணக்கிலும் மானியத்தை வேறொரு காலக் கணக்கிலும் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அங்கே கேள்வி கேட்பது தங்கள் கடமை. எங்கள் கணக்கில் அது பிசகவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். ‘செலவழிக்கப்படாதது’ என்று தாங்கள் சொல்லும் தொகை, நாங்கள் ஒரு காசு கூடச் செலவழிக்காமலேயே அடுத்த ஆண்டு 1.2 இலட்சம் குறைந்துவிடும். வங்கியில் கிடக்கும் பணம் அப்படிக் குறையுமா?

தங்கள் கடிதத்தின்படியே 11.4 இலட்சத்தைத் திருப்பிச் செலுத்தினால் என்ன ஆகும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 இலட்சம் பெற்று 11.4 இலட்சத்தைத் திருப்பினால், 20 இலட்ச இயந்திரத்துக்கு அரசு தந்த உதவி 60 ஆயிரம் மட்டுமே. ஒத்திவைத்த இருப்பு ஒரே நாளில் சுழியமாகும். இனி வரும் ஒன்பதரை ஆண்டுகளில் 19 இலட்சம் தேய்மானமும் எதிரே ஒரு வருமானமும் இல்லாமல் எங்கள் தலையில் விழும். ஒப்பந்தப்படி, ஐந்தாண்டுக்குள் இயந்திரத்தை விற்றாலோ வேறிடத்துக்கு மாற்றினாலோ 12 இலட்சத்தையும் திருப்ப வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்றுத்தான் கையெழுத்திட்டோம். அந்த நிபந்தனையை மீறினால் கேளுங்கள், தருகிறோம். திருப்பித் தர வேண்டியது எது என்பதைத் தீர்மானிப்பது ஒப்பந்தத்தின் நிபந்தனை. இருப்புநிலைக் குறிப்பின் ஒரு வரியில் அந்த ஆண்டு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

இதனால் நேர்ந்திருக்கும் இடர்ப்பாடு ஒன்றை மட்டும் சொல்கிறேன். இரண்டாம் கட்ட மானியம் வரும் என்ற தங்கள் ஒப்புதல் கடிதத்தை நம்பி, அச்சுகளைக் குளிர்விக்கும் கருவிக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். கருவி தயாராகி விற்பனையாளரின் கிடங்கில் நிற்கிறது. மீதித் தொகை போகாமல் அவர் அனுப்ப மாட்டார். அது இல்லாததால் வார்ப்பு இயந்திரம் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் சூடு தணியக் காத்து நிற்கிறது. தன் திறனில் பாதியைக் கூட எட்டுவதில்லை. கடன் வாங்கலாம் என்று வங்கிக்குப் போனால், அங்கே கடன் பிரிவு அலுவலர் அதே 11.4 இலட்சத்தைக் கடனோடு கடனாகக் கூட்டி, நிறுவனத்தின் கடன் சுமை அதிகம் என்கிறார். யாருக்கும் திருப்பித் தர வேண்டியிராத, வட்டியும் தவணையும் இல்லாத ஒரு தொகை, ஓரிடத்தில் பதுக்கிய பணமாகவும் இன்னோரிடத்தில் வாங்கிய கடனாகவும் பார்க்கப்படுகிறது. இரண்டு பார்வைகளுக்கும் நடுவில் ஓர் இயந்திரம் பாதி நேரம் சும்மா நிற்கிறது. தாங்கள் மானியம் தந்து வாங்கச் சொன்ன இயந்திரம் அது.

நேரில் வந்தபோது, ‘முழு மானியத்தையும் வந்த ஆண்டிலேயே வருமானமாகக் காட்டியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லையே’ என்று ஓர் அலுவலர் அறிவுரை சொன்னார். அப்படிக் காட்டியிருந்தால் முதலாண்டில் 12 இலட்சம் இலாபம் போலத் தெரியும். அதை நம்பிப் பங்குதாரர்கள் பங்காதாயம் கேட்பார்கள். கொடுக்கக் கையில் பணம் இருக்காது. அடுத்த ஆண்டு முதல் 2 இலட்சம் தேய்மானம் தனியே நின்று ஆண்டுதோறும் இலாபத்தை அரிக்கும். மூன்றாண்டு இலாபப் போக்கைப் பார்த்தே அடுத்த மானியத்துக்குத் தகுதியை முடிவு செய்யும் தாங்களே, ‘உச்சத்திலிருந்து சரிந்துவிட்டீர்கள்’ என்று மறுப்பீர்கள். நிபந்தனைகள் நிறைவேறியவுடன் மானியம் முழுவதையும் வருமானமாக ஏற்கும் முறை, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான பன்னாட்டுத் தரநிலையில் இருக்கிறது என்பது உண்மைதான். அதைத்தான் விரும்புகிறீர்கள் என்றால் ஒப்பந்தத்தில் அப்படி எழுதுங்கள். ஒன்றை எழுதச் சொல்லிவிட்டு இன்னொன்றை எதிர்பார்க்காதீர்கள்.

இன்னும் சில நிறுவனங்களில், இந்தக் கேள்விகளுக்குப் பயந்து, மானியத்தை இயந்திரத்தின் விலையிலேயே கழித்துவிட்டு 8 இலட்ச இயந்திரமாக ஏட்டில் காட்டுகிறார்கள். அதையும் தரநிலை 20 அனுமதிக்கிறது. இலாபமும் கடைசியில் ஒன்றுதான், ஆண்டுக்கு 80 ஆயிரம் தேய்மானம் என்று எழுதப்படும். ஆனால் அரசு கொடுத்த 12 இலட்சமும் அதனால் வந்த 20 இலட்ச இயந்திரமும் இருப்புநிலைக் குறிப்பின் முகப்பிலிருந்து மறைந்துவிடும். மானியத்தை மறைக்காமல் காட்டுபவரைத் தண்டித்தால், எல்லாரும் மறைக்கும் வழிக்கே போவார்கள். மக்கள் பணம் எங்கே போனது என்று தேட வேண்டிய தங்களுக்கு அது நல்லதா?

குழப்பத்தின் வேர் தங்கள் படிவத்தில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். சம்பளத்துக்கும் பயிற்சிக்கும் தரும் மானியத்துக்காக எழுதிய படிவம் அது. அதில் ‘ஆண்டு இறுதியில் எஞ்சிய மானியம்’ என்று ஒரே ஒரு கட்டம் இருக்கிறது. இயந்திரத்துக்கான மானியத்தில் இரண்டு வெவ்வேறு எண்கள் உண்டு. ஒன்று, இன்னும் இயந்திரம் வாங்காமல் வங்கியில் கிடக்கும் ரொக்கம். ஆண்டின் கடைசி மாதத்தில் பணம் வந்து, கொள்முதல் நடக்காமலிருந்தால் அது உண்மையிலேயே செலவழிக்கப்படாதது, தேய்மானமே தொடங்காததால் வருமானமாக ஒரு காசும் ஏறியிருக்காது. அதைக் கேட்கத் தங்களுக்கு முழு உரிமை உண்டு. மற்றொன்று, இயந்திரம் வாங்கிய பின் இனி வரும் ஆண்டுகளுக்காக ஒத்திவைத்த வருமானம். முதல் எண்ணை வங்கி அறிக்கையிலும், இரண்டாவதைச் சொத்துப் பதிவேட்டிலும் சரிபார்க்கலாம். இந்த இரண்டுக்கும் இரண்டு கட்டங்கள் வையுங்கள். எங்களுக்கு முதல் கட்டத்தில் சுழியமும் இரண்டாவதில் 11.4 இலட்சமும் வரும். யாரும் சிவப்பு மையைத் தேட வேண்டியிருக்காது.

ஆகவே, 11.4 இலட்சத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றும், நிறுத்தி வைத்த இரண்டாம் கட்ட மானியத்தை விடுவிக்க வேண்டும் என்றும், அடுத்த ஆய்வுக்கு முன்பாகப் படிவத்தைத் திருத்த வேண்டும் என்றும் பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். இயந்திரத்தின் தேய்மான அட்டவணையையும், மானியம் ஆண்டுவாரியாக வருமானமாகும் அட்டவணையையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக வைத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். தங்கள் ஆய்வுக் குழுவில் யாருக்கு ஐயம் இருந்தாலும், எங்கள் தணிக்கையாளரையும் அழைத்துக்கொண்டு தாங்கள் சொல்லும் நாளில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மானியம் பெற்ற ஒரு சிறு உற்பத்தி நிறுவனத்தின் கணக்குப் பொறுப்பாளர்